பத்து இலக்க இரும்பு: காலிபிரேஷன் முடிவை எழுதும்போது வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

ஆய்வுக்கூட ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும்போது நான் சிவப்பு மையால் வட்டம் போடும் இடங்களில் பாதிக்கு மேல் வேதியியல் தவறாக இருக்காது. கரைசல் சரியாக இருக்கும், கோடு நேராக இருக்கும், கடைசி வரியில் எழுதிய எண் மட்டும் சொதப்பியிருக்கும். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் குறிப்பு. எங்கே இடிக்கிறது என்று பார்த்து அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லாத் தலைப்பிலும் வருவது ஒரே சோதனை என்பதால், முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

போர் தண்ணீரில் உள்ள இரும்பை ஃபினாந்த்ரோலின் முறையில் அளக்கிறோம். ஹைட்ராக்சிலமீன் சேர்த்து இரும்பு முழுவதையும் ஃபெரஸ் ஆக்கி, ஃபினாந்த்ரோலின் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் வரும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 510 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் எடுக்கிறோம். ஐந்து திட்டக்கரைசல்களுக்குக் கிடைத்த அளவுகள் இவை:

| செறிவு (மி.கி./லி.) | அப்சார்பன்ஸ் |
|---|---|
| 0 | 0.003 |
| 1 | 0.204 |
| 2 | 0.398 |
| 3 | 0.601 |
| 4 | 0.795 |

மாதிரி தண்ணீரில் 25 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, 50 மி.லி. ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கில் விட்டு, வினைப்பொருள்களைச் சேர்த்துக் குறி வரை நிரப்பியாயிற்று. மூன்று முறை அளந்ததில் 0.316, 0.319, 0.317. சராசரி 0.31733.

## விடை பத்து இலக்கத்தில் நிற்கிறது

கணக்குத்தாளில் `3.163385496` என்று வருகிறது, அதை அப்படியே நோட்டில் இறக்கியாயிற்று. அல்லது "மூன்று இலக்கம் போதும்" என்று யாரோ சொன்னதை நம்பி 3.16 என்று எழுதியாயிற்று. இரண்டாவது விடை சரி. ஆனால் ஏன் மூன்று என்று வைவாவில் கேட்டால் பதில் இருக்காது.

எத்தனை இலக்கம் என்பதை விடை தீர்மானிப்பதில்லை. விடையின் நிச்சயமின்மைதான் தீர்மானிக்கிறது. ஆகவே முதலில் அதைக் கணக்கிட வேண்டும். செறிவுகள் B2:B6-இலும் அப்சார்பன்ஸ்கள் C2:C6-இலும் இருந்தால், தேவையானவை எல்லாம் எக்செல்லிலேயே இருக்கின்றன:

```
=SLOPE(C2:C6,B2:B6)
=INTERCEPT(C2:C6,B2:B6)
=STEYX(C2:C6,B2:B6)
=DEVSQ(B2:B6)
```

நம் தரவுக்குச் சாய்வு b = 0.1981, வெட்டுத்துண்டு a = 0.0040. `STEYX` தருவது 0.0025. புள்ளிகள் கோட்டிலிருந்து மேலும் கீழுமாகச் சராசரியாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு அது. `DEVSQ` 10. இவற்றை வைத்து, கோட்டிலிருந்து படித்த செறிவின் திட்டவிலக்கம்:

```
s = (Sy/b)*SQRT(1/m + 1/n + (y0-ym)^2/(b^2*DEVSQ))
```

Sy என்பது `STEYX` தந்த எண். m என்பது மாதிரியை எத்தனை முறை அளந்தோம் என்பது, இங்கே 3. n திட்டக்கரைசல்களின் எண்ணிக்கை, 5. y0 மாதிரியின் சராசரி அப்சார்பன்ஸ். ym திட்டக்கரைசல்களின் சராசரி அப்சார்பன்ஸ், 0.4002. எண்களைப் போட்டால் வர்க்கமூலத்துக்குள் 0.551 வரும், s = 0.0094 மி.கி./லி. இது ஃபிளாஸ்கில் உள்ள கரைசலுக்கு. இரண்டு மடங்கு நீர்த்திருப்பதால் தண்ணீருக்கு 0.0187.

இப்போது 3.163385496-ஐ மறுபடி பாருங்கள். இரண்டாவது தசம இடத்திலேயே சுமார் இரண்டு அலகு ஆட்டம் இருக்கிறது. மூன்றாவது இடத்து 3 ஓரளவு ஊகம், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் கணினி ஓட்டிய கணக்கு. எனவே 3.16 ± 0.02 மி.கி./லி.

பிப்பெட்டின் பிழையைச் சேர்க்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு: ஏ வகுப்பு 25 மி.லி. பிப்பெட்டின் அனுமதிப் பிழை 0.03 மி.லி., அதாவது 0.12 சதவீதம். நம் விடையில் அது 0.004. 0.019-க்குப் பக்கத்தில் வைத்து வர்க்கங்களைக் கூட்டினால் இரண்டாவது தசமம் அசையாது. சாதாரண அளவுக் குழாயில் ஊற்றி எடுத்திருந்தால் கதை வேறு, அப்போது சேர்த்தே ஆக வேண்டும்.

## ஒரே தரவு, பக்கத்து மேசையில் வேறு விடை

இதுதான் அதிகம் நடப்பது, கண்டுபிடிக்க அதிக நேரம் எடுப்பதும் இதுதான். இருவரும் ஒரே கருவியில் ஒரே கரைசலை அளந்திருக்கிறார்கள். ஒருவருக்கு 3.16, மற்றவருக்கு 3.13. வித்தியாசம் 0.03, நிச்சயமின்மையைவிடப் பெரிது. அளப்பதில் தவறு என்று நினைத்து மறுபடி கரைசல் போடப் போய்விடுகிறார்கள்.

போக வேண்டாம், முதலில் வரைபடத்தைப் பாருங்கள். இரண்டாமவர் செறிவை மைக்ரோகிராமில் எழுதியிருக்கிறார்: 0, 1000, 2000 என்று. அதில் தவறில்லை. ஆனால் சாய்வு இப்போது 0.0001981. எக்செல் வரைபடத்தின் மேல் எழுதிக் காட்டும் சமன்பாடு இது:

```
y = 0.0002x + 0.004
```

நான்கு தசம இடத்தோடு நின்றுவிட்டதால் 0.0001981 என்பது 0.0002 ஆகிவிட்டது. நான்கு முக்கிய இலக்கம் இருந்த சாய்வில் மிஞ்சியது ஒன்று. அந்த 0.0002-ஐக் கையால் எடுத்துப் போட்டால் 0.31333 ÷ 0.0002 = 1567, இரண்டால் பெருக்கினால் 3133 மைக்ரோகிராம், அதாவது 3.13 மி.கி. கோடு சரி, அளவீடு சரி. கோட்டின் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டுத்தான் தவறு.

இதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. நீங்கள் பயன்படுத்தும் சமன்பாட்டில் திட்டக்கரைசல்களின் செறிவையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 4000-க்கு அந்தச் சமன்பாடு 0.804 என்கிறது, கருவி சொன்னது 0.795. வித்தியாசம் 0.009, `STEYX` தந்த 0.0025-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். 1000-இல் வித்தியாசம் வெறும் பூச்சியம், 2000-இல் 0.006, 3000-இல் 0.003. இறங்கி ஏறினாலும் எல்லாம் ஒரே பக்கம்தான், எதுவும் கோட்டுக்கு மேலே நிற்கவில்லை. உண்மையான கோடு புள்ளிகளுக்கு நடுவே போகும், சிலது மேலே சிலது கீழே. ஒரே பக்கமாகச் சாய்ந்தால் சாய்வை எங்கோ வெட்டியிருக்கிறோம்.

சரிசெய்ய, `SLOPE` தரும் கட்டத்தையே சூத்திரத்தில் சுட்டுங்கள், எண்ணைக் கையால் தட்டாதீர்கள். வரைபடத்தில் சமன்பாடு தேவை என்றால் அதன் மேல் வலது கிளிக் செய்து `Format Trendline Label`, பிறகு `Number`-இல் `Scientific` தேர்ந்து நான்கு தசமம் வையுங்கள். `1.9810E-04x` என்று தெரியும்.

கால்குலேட்டர்காரர்களுக்கும் இதே நோய் வேறு வடிவில் வரும். ஃபிளாஸ்கின் செறிவு 1.58169 வந்ததும் "1.6" என்று எழுதி, அடுத்த வரியில் இரண்டால் பெருக்கி 3.2 என்பார்கள். நடுவழியில் வெட்டினால் வெட்டிய துண்டு பெருக்கலில் இரட்டிப்பாகும். இடைப்பட்ட வரிகளில் கால்குலேட்டரின் நினைவகத்தில் உள்ளதையே ஓட்டுங்கள். நோட்டில் எழுதத்தான் வேண்டும் என்றால் கடைசி விடைக்குத் தேவையானதைவிட இரண்டு இலக்கம் கூடுதலாக எழுதுங்கள். இங்கே 1.5817.

## விடை "3" ஆகச் சுருங்கிவிட்டது

இது நேர் எதிரான வியாதி. பள்ளியில் படித்த விதியை நினைவு வைத்திருக்கும் நல்ல பிள்ளைகளுக்கு வருவது. பெருக்கும்போது குறைந்த முக்கிய இலக்கம் உள்ள எண்ணைப் பின்பற்ற வேண்டும், நீர்த்தல் காரணி 2, அதில் ஒரே இலக்கம், ஆகவே விடை 3 மி.கி./லி.!

அந்த 2 ஒற்றை இலக்கம் அல்ல. அது 50.00 ÷ 25.00. இரண்டு கண்ணாடிக் கலங்களும் நூறில் ஒரு பங்கு மி.லி. வரை குறிப்பிடத்தக்கவை, எனவே நான்கு இலக்கத்துக்குச் சமம். மூன்று அளவீட்டின் சராசரி எடுக்க வகுத்த 3 எண்ணி வந்தது, அதற்கு இலக்கக் கணக்கே கிடையாது. ரெக்கார்டில் "நீர்த்தல் காரணி = 50.00/25.00 = 2.000" என்று எழுதிவிட்டால் திருத்துபவருக்கும் சந்தேகம் வராது.

## ± க்கு இருபுறமும் ஒத்துப்போகவில்லை

நோட்டுகளில் நான் பார்த்தவை: 3.163385 ± 0.02. 3.2 ± 0.019. 3.16 ± 0.0187075. மூன்றும் தவறு.

முதலில் வலது பக்கத்தை முடியுங்கள். நிச்சயமின்மைக்கு ஒன்று அல்லது இரண்டு முக்கிய இலக்கம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு அது எந்தத் தசம இடத்தில் நிற்கிறதோ அங்கேயே விடையையும் நிறுத்துங்கள். 3.16 ± 0.02 சரி. 3.163 ± 0.019-உம் சரி.

ஒன்றா இரண்டா என்பதற்கு என் வழக்கம்: முதல் இலக்கம் 1 என்றால் இரண்டு வைப்பேன். 0.014-ஐ 0.01 ஆக்கினால் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் காணாமல் போகிறது, 0.086-ஐ 0.09 ஆக்கினால் ஐந்து சதவீதம்கூட மாறாது. நம் 0.0187 முதல் இலக்கம் 1 உள்ளதுதான், ஆனால் 0.02-க்கு மிக அருகில் இருப்பதால் இரண்டில் எதை எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். மூன்று இலக்கம் எழுதினால் வருவேன். காரணம், இந்த 0.0187 என்பதே ஐந்து புள்ளிகளிலிருந்து மதிப்பிட்டது. சாய்வுக்கும் வெட்டுத்துண்டுக்கும் இரண்டு போக, மிச்சம் மூன்று புள்ளிகளின் தகவல்தான். அவ்வளவு சிறிய தரவில் திட்டவிலக்கமே ஏறத்தாழ நாற்பது சதவீதம் முன்பின்னாக இருக்கக்கூடும். அதன் மூன்றாவது இலக்கத்துக்கு என்ன மதிப்பு?

± என்றால் எது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மேலே உள்ளது ஒரு திட்டவிலக்கம். 95 சதவீத எல்லை வேண்டுமென்றால் மூன்று சுதந்திர எண்ணுக்கான t மதிப்பு 3.182-ஆல் பெருக்க வேண்டும்: 3.16 ± 0.06. இரண்டும் சரியான விடை, எது என்று சொல்லாவிட்டால் இரண்டும் பயனற்றவை.

## இரண்டாவது மாதிரிக்கு எத்தனை இலக்கம்?

அட்டவணையில் முதல் மாதிரி 3.16. அழகாக இருக்கட்டும் என்று இரண்டாவதையும் மூன்று முக்கிய இலக்கத்தில் 0.209 என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த மாதிரியின் சராசரி அப்சார்பன்ஸ் 0.02467. அதே சூத்திரத்தில் போட்டால் 0.2087 ± 0.024. எனவே 0.21 ± 0.02. முதல் மாதிரிக்கு மூன்று முக்கிய இலக்கம், இதற்கு இரண்டு. ஆனால் தசம இடம் இரண்டிலும் ஒன்றே. ஒரே கோட்டிலிருந்து படித்த விடைகளில் நிச்சயமின்மை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், கோட்டின் நடுவே கொஞ்சம் குறைவு, ஓரத்தில் கொஞ்சம் அதிகம். அதனால் அட்டவணையில் தசமப் புள்ளிகள் நேராக நிற்கும்படி எழுதுவதுதான் பெரும்பாலும் சரியான விடை. முக்கிய இலக்கங்களை எண்ணிச் சமன் செய்தால் சின்ன விடைகளுக்கு இல்லாத துல்லியத்தைக் கொடுத்துவிடுவோம்.

## சுழியம் காணவில்லை, R² = 1

2.10 என்று வர வேண்டியது 2.1 என்று நிற்கிறது. எக்செல் `General` வடிவில் கடைசிச் சுழியத்தை விழுங்கிவிடும். கட்டத்தின் வடிவத்தை `0.00` என்று மாற்றுங்கள். அந்தச் சுழியம் நீங்கள் அளந்து பெற்றது, விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதே பழக்கம் R²-இல் வேடிக்கை காட்டும். நம் கோட்டுக்கு உண்மையில் 0.999952. நான்கு தசமத்துக்கு முழுமையாக்கினால் 1.0000, சுழியங்களை விழுங்கியபின் `R² = 1`. எந்தத் தேர்வாளரும் இதைப் பார்த்ததும் தரவை எங்கிருந்து எடுத்தாய் என்றுதான் கேட்பார். ஒன்பதல்லாத முதல் இலக்கம் வரும்வரை எழுதுங்கள்: 0.99995.

## கடைசி இலக்கம் மட்டும் ஒன்று தள்ளி நிற்கிறது

முழு மதிப்பு 2.3546. அட்டவணையில் 2.355 ± 0.019. முடிவுரையில் சுருக்கி எழுதும்போது அட்டவணையைப் பார்த்து 2.36 என்று எழுதுகிறீர்கள். ஆனால் 2.3546-இலிருந்து நேராக வந்தால் 2.35. இருமுறை முழுமையாக்கியதன் விளைவு. எப்போதும் முழு மதிப்புள்ள கட்டத்திலிருந்தே தொடங்குங்கள்.

நேராகத்தான் வந்தேன், அப்படியும் நண்பனுக்கு வேறு வருகிறது என்றால், அவர் பைத்தானில் கணக்கிட்டாரா என்று கேளுங்கள்.

```
round(0.125, 2)   # 0.12
round(2.675, 2)   # 2.67
```

எக்செல்லின் `ROUND` இதே எண்களுக்கு 0.13, 2.68 தரும். எக்செல் சரிபாதியை மேலே தள்ளுகிறது. பைத்தான் இரட்டைப்படை இலக்கத்தை நோக்கித் தள்ளுகிறது. 2.675-இன் கதை வேறு: இரும எண்ணாகச் சேமிக்கும்போதே அது 2.675-க்கு ஒரு நூலிழை குறைவாகிவிடுகிறது. முழுமையாக்கலுக்கான இந்தியத் தரநிலை IS 2-உம் சரிபாதி வந்தால் இரட்டைப்படைக்கே போகச் சொல்கிறது. எதைப் பின்பற்றினாலும் ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள். நிச்சயமின்மை இரண்டு அலகாக இருக்கும்போது அரை அலகுக்காகச் சோதனையை மறுபடி செய்யத் தேவையில்லை.

வரம்போடு ஒப்பிடும்போது மட்டும் கவனம். குடிநீருக்கான IS 10500:2012 இரும்புக்கு முதலில் 0.3 என்று வைத்திருந்தது, 2015-இல் வந்த திருத்தம் அதை 1.0 மி.கி./லி. ஆக்கியது. தகுதி பார்க்கும்போது விடையை IS 2-இன்படி, வரம்பில் எத்தனை இலக்கம் இருக்கிறதோ அத்தனைக்கே முழுமையாக்க வேண்டும் என்பது அந்தத் தரநிலையின் விதி. எனவே 1.04 என்பது 1.0, தேறியது. 1.06 என்பது 1.1, தேறவில்லை. தேறுமா என்று பார்க்க மட்டுமே அந்த முழுமையாக்கல். முடிவு அட்டவணையில் 1.04 ± 0.02 அப்படியே இருக்கட்டும்.

## விடை சுழியத்தை ஒட்டி வருகிறது, சில சமயம் எதிர்மறையாக

ஒரு மாதிரியின் அப்சார்பன்ஸ் 0.005. கணக்கு 0.0101 மி.கி./லி. தருகிறது. இன்னொன்று 0.002, விடை −0.0202. முதலாவதை 0.01 என்று எழுதுகிறார்கள், இரண்டாவதைச் சுழியம் ஆக்குகிறார்கள்.

இரண்டுமே முழுமையாக்கல் பிரச்சினை அல்ல. 0.005-இலிருந்து வெட்டுத்துண்டு 0.004-ஐக் கழித்தால் மிஞ்சுவது 0.001, கருவியின் கடைசி இலக்கம். அது கூடக் கோட்டின் சிதறல் 0.0025-க்குள் மூழ்கிக் கிடக்கிறது. இந்த இடத்தில் எத்தனை இலக்கம் எழுதினாலும் பொய்தான். கண்டறியும் எல்லையைக் கணக்கிடுங்கள்: 3.3 × 0.0025 ÷ 0.1981 = 0.042, தண்ணீருக்கு இரண்டு மடங்கு, 0.083. எல்லையை மட்டும் எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும், கீழே தள்ளினால் பார்க்க முடியாததைப் பார்த்ததாகச் சொன்னது போலாகும். ஆகவே இரண்டு மாதிரிகளுக்கும் எழுத வேண்டியது "< 0.09 மி.கி./லி.". அட்டவணையின் அடியில் எல்லையை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு வரி. எதிர்மறையாக வந்த −0.0202-ஐ அழிக்காமல் மூலத்தரவுப் பக்கத்தில் விட்டுவையுங்கள், பிறகு யாராவது இது போன்ற பல மாதிரிகளின் சராசரி எடுக்க வேண்டி வந்தால் அந்த எண் தேவைப்படும்.